ஸ்டிக்கிலிருந்து திரைக்கு

1980களின் தொடக்கத்தில் திருவல்லிக்கேணிப் பக்கம் ஓர் அச்சகத்துக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது கம்பாசிட்டர்களின் முதுகுதான். சாய்வாக நிறுத்திய கேஸ்களுக்கு முன்னால் நின்றபடி கோப்பார்கள். கையெழுத்துப் பிரதி கேஸின் மேல் விளிம்பில் இருக்கும். இடது கையில் ஸ்டிக், எழுத்தை எடுப்பது வலது கை. தமிழில் கு, கூ, மு, மூ என்று ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும் என்பதால் அறைகள் ஏராளம். கண் பிரதியில் ஒரு சொல்லைப் படிக்கும், கேஸில் அதற்கான அறைக்குத் தாவும், பிறகு ஸ்டிக்கில் எழுத்து சரியாக நிற்கிறதா என்று குனிந்து பார்க்கும். ஸ்டிக் நிரம்பியதும் வரிகளைக் கேலியில் இறக்க நடக்க வேண்டும். அச்சாகி முடிந்த பக்கத்தைப் பிரித்து எழுத்துகளை மறுபடியும் அறைகளில் போடுவது தனி வேலை.

அந்த வேலை கண்ணுக்கு நல்லதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பொடி எழுத்து, மங்கலான பல்பு, ஈயம். ஆனால் அந்த வேலைக்குள் மூன்று விஷயங்கள் தாமாகவே அமைந்திருந்தன. பார்வை பெரும்பாலும் கீழ்நோக்கி இருந்தது. பார்க்கும் தூரம் மாறிக்கொண்டே இருந்தது. அடிக்கடி இடத்தைவிட்டு நகர வேண்டியிருந்தது. டி.டி.பி. வந்தபோது மூன்றும் போயின. ஈயம் போனது பெரிய நன்மை. கூடவே இவையும் போனதை யாரும் கவனிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த டி.டி.பி. ஆபரேட்டர் ஒருவருக்கு வயது நாற்பத்தாறு. பாடநூல், மலர், பத்திரிகை என்று பக்கம் கட்டும் வேலை. மதியம் மூன்று மணி தாண்டினால் பார்ப்பவர்களெல்லாம் “என்னக்கா, ராத்திரி தூங்கலையா?” என்று கேட்பார்கள். ஏழு மணி நேரம் நன்றாகத் தூங்குகிறவர் அவர். கண்ணின் வெள்ளைப் பகுதி சிவந்து, இமை கனத்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தும். கசக்கிக் கசக்கி இமைத்தோல் தடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இதெல்லாம் அநேகமாக இருக்காது. அதிலேயே பாதி விடை இருக்கிறது.

சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து முறைக்குக் குறையாமல் இமைக்கிறோம். திரையில் ஆழ்ந்துவிட்டால் அது ஐந்து, ஏழு என்று இறங்கிவிடும். எண்ணிக்கை குறைவதோடு இமைப்பும் அரைகுறையாகிறது; மேலிமை பாதி வழி வந்து திரும்பிவிடும். கண்ணின்மேல் இருக்கும் கண்ணீர்ப் படலத்தின் மேற்பரப்பு எண்ணெய். இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் சிறு சுரப்பிகள் அந்த எண்ணெயைத் தருகின்றன. இமைகள் முழுதாக மூடி ஒன்றையொன்று தொடும்போதுதான் அது சரியாக வெளியே வந்து பரவும். எண்ணெய் குறைந்தால் அடியில் இருக்கும் நீர் சீக்கிரம் ஆவியாகும். கண் வறண்டு சிவக்கும், அதைக் காக்க இமை தானாகச் சற்றுத் தாழும். நாம் தூக்கக் கலக்கம் என்று படிக்கும் முகம் அப்படி உருவாகிறது.

அவருடைய மேசையில் மானிட்டர் சி.பி.யு.வின்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. இடம் மிச்சம் என்று பல அச்சகங்களில் இப்படித்தான் வைக்கிறார்கள். அண்ணாந்து பார்க்கையில் இமைகள் அகல விரியும், ஆவியாகும் பரப்பும் கூடும். கீழே பார்க்கையில் மேலிமை இறங்கி அந்தப் பரப்பைக் குறைக்கும். கம்பாசிட்டருக்கு இருந்த பாதுகாப்பு அதுதான். மானிட்டரைக் கீழே இறக்கி, அதன் மேல் விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுத் தாழ இருக்கும்படி வைத்தார்கள். மேசை மின்விசிறியின் காற்று நேரே முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதைத் தோளுக்குத் திருப்பினார்கள். முதல் வாரத்திலேயே அதிகம் பலன் தந்தவை இந்த இரண்டும்தான், காசே செலவில்லாமல்.

வெளிச்சத்தில் இன்னொரு தவறு இருந்தது. மானிட்டருக்குப் பின்னாலேயே சன்னல். பிரகாசமான வானத்துக்கும் திரைக்கும் நடுவில் கண் போராடிக்கொண்டிருந்தது. மேசையைத் திருப்பிச் சன்னலைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். திரையை அணைத்துவிட்டு அதில் டியூப்லைட் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்ததால் கொஞ்சம் சாய்த்தார்கள். திரையின் பிரகாசத்துக்கு எளிய அளவுகோல் ஒரு வெள்ளைத்தாள்: பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் திரை விளக்குபோல் ஒளிரக் கூடாது, தாளைவிட மங்கியும் இருக்கக் கூடாது.

இமைப்பதை நினைவில் வைப்பதுதான் கடினம். வேலையில் ஆழ்ந்தவர் எப்படி நினைப்பார்? ஏற்கெனவே கை செய்யும் ஒன்றோடு அதை முடிச்சுப் போட்டார். Ctrl+S அழுத்தும்போதெல்லாம் கண்ணை மெதுவாக முழுதாக மூடி, இரண்டு நொடி வைத்து, திறப்பது. பக்கம் கட்டுகிறவர் அதை அடிக்கடி அழுத்துவார் என்பதால் இது பழக்கமாக நிலைத்தது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால், இருபது நொடி பார்க்கச் சொல்வதும் உண்டு. இருபது அடி என்பது ஏறத்தாழ ஆறு மீட்டர்; அந்தத் தூரத்தில் கண்ணின் குவியத் தசைக்கு வேலை அநேகமாக இல்லை. எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டி போதும். ஆனால் இருபது நொடி மட்டும் வறட்சியைத் தீர்த்துவிடாது. பிழைத்திருத்தத்தைத் திரையில் செய்யாமல், புரூஃப் எடுத்துத் தாளில் செய்வது என்று அவர் மாற்றிக்கொண்டார். எழுந்து பிரிண்டருக்குப் போகவும் குனிந்து படிக்கவும் அதில் வழி கிடைத்தது. திரையில் தப்பிய ஒற்றுப்பிழைகளும் தாளில் சிக்கின.

கண்ணாடியிலும் சிக்கல் இருந்தது. அவருடைய பைஃபோகலின் கீழ்ப்பகுதி நாற்பது சென்டிமீட்டரில் புத்தகம் படிக்கப் போட்டது. திரை இருந்ததோ அறுபத்தைந்து சென்டிமீட்டரில். எனவே முகவாயைத் தூக்கி, முன்னால் நகர்ந்து, கீழ்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பால் அந்தத் தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு கண் மருத்துவரிடம் போனார். திரைக்கென்று தனிக் கண்ணாடி வந்தது, கழுத்துவலியும் குறைந்தது. நீல ஒளியைத் தடுக்கும் பூச்சுக்குக் கூடுதல் பணம் கேட்டார்கள். அந்தப் பூச்சு கண் சோர்வைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை என்று மருத்துவரே சொன்னதால் விட்டுவிட்டார்.

மங்கல் எதனால் என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். இமைத்தவுடன் எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் கண்ணீர்ப் படலத்தின் குறை. இமைத்தும் தெளியாவிட்டால் பவரைப் பரிசோதிக்க வேண்டும். மாலையைவிடக் காலையில் எழும்போது எரிச்சல் அதிகம் என்றால் இமைச் சுரப்பிகள் அடைத்திருக்கலாம். கை பொறுக்கும் சூட்டில் நனைத்த துணியை மூடிய இமைமேல் சில நிமிடம் வைப்பது அதற்கு உதவும். கடுமையான வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், ஒரு கண் மட்டும் சிவத்தல், ஒரு பக்க இமை மட்டும் தொங்குதல், இரட்டையாகத் தெரிதல் ஆகியவற்றைத் திரைமேல் பழிபோட்டுத் தள்ளிப்போடக் கூடாது.

மெடிக்கலில் “கண் சிவப்புக்கு ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்துதான் எனக்கு மிகவும் கவலை தருவது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு ஒரே நாளில் போய்விடும். மாதக்கணக்கில் விட்டுக்கொண்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரையும் வரலாம். சிவப்பை மட்டும் வெளுக்கும் சொட்டுகளை நிறுத்தியதும் முன்னைவிடச் சிவப்பு திரும்பும். இந்த அக்காவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஈரம் தரும் சொட்டு மட்டுமே.

இரண்டு மாதத்தில் மாலைச் சிவப்பும் உறுத்தலும் பெரிதும் அடங்கின, கசக்கும் பழக்கமும் நின்றது. கண்ணுக்கடியில் இருக்கும் கருவளையம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது அவர் அம்மாவுக்கும் உண்டு, அவர் அம்மா கணினியைத் தொட்டதே இல்லை.