வாக்குப்பதிவு நாளும் பதினெட்டு வயதும்

இந்தியாவில் வாக்குப்பதிவு நாளுக்குச் சில நாட்கள் கழித்துப் பதினெட்டு வயதை நிறைவு செய்யும் ஒருவர் அந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்பதே சட்டம் தரும் விடை. ஆனால் அதற்குப் பலரும் கருதும் காரணம் சரியானதன்று. வாக்குப்பதிவு நாளன்று வயது போதவில்லை என்பதால் உரிமை மறுக்கப்படுவதாகவும், தேர்தல் ஒரு வாரம் தள்ளிப்போனால் உரிமை வந்துவிடும் என்றும் பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில் வாக்குப்பதிவு நாளைக் கொண்டு வாக்காளரின் வயதைச் சட்டம் கணக்கிடுவதே இல்லை. அதற்கு முன்பே கடந்துவிட்ட வேறொரு நாளைக் கொண்டே கணக்கிடுகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 326-வது பிரிவு, சட்டத்தால் குறிக்கப்படும் ஒரு நாளில் பதினெட்டு வயதுக்குக் குறையாத குடிமக்கள் வாக்காளராகப் பதிவுபெற உரிமை உடையவர்கள் என்று கூறுகிறதே தவிர, அந்த நாள் எது என்று கூறவில்லை. அதைக் குறிப்பது 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அச்சட்டம் அந்நாளைத் தகுதி நாள் என்று அழைக்கிறது. அதாவது, வாக்காளர் பட்டியல் எந்த நாளை அடிப்படையாகக் கொண்டு தயாரிக்கப்படுகிறதோ, அந்த நாளில் வயது நிறைவடைந்திருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. நெடுங்காலம் ஜனவரி 1 ஒன்றே தகுதி நாளாக இருந்தது. அதனால், 2021 ஏப்ரல் 6 அன்று நடந்த தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில், அதே ஆண்டு ஜனவரி 2 அன்று பதினெட்டு நிறைந்தவர்கூட, வாக்குப்பதிவு நாளில் பதினெட்டைக் கடந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தும், வாக்களிக்க இயலவில்லை. 2021-இல் நிறைவேறி 2022 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்தக் குறையை ஓரளவு போக்கி, ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்களை அமைத்தது. குறை சுருங்கியது, முற்றிலும் நீங்கவில்லை.

2023-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். வேட்புமனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 20. வாக்குப்பதிவு மே 10. வாக்காளர் பட்டியலுக்கான தகுதி நாள் ஏப்ரல் 1. 2005 மே 14 அன்று பெங்களூரில் பிறந்த ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொண்டால், வாக்குப்பதிவுக்கு நான்கு நாட்கள் கழித்தே அவருக்குப் பதினெட்டு நிறைகிறது. அவரால் வாக்களிக்க முடியாது. ஆனால் 2005 ஏப்ரல் 20 அன்று பிறந்த அவருடைய தோழி, மே 10 அன்று பதினெட்டு நிறைந்தவராகவே இருந்தபோதிலும், தகுதி நாளில் பதினேழு வயதினர் என்பதால் அவராலும் வாக்களிக்க முடியாது. இருவருடைய நிலையும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே. 2005 ஏப்ரல் 1 அன்றோ அதற்கு முன்னரோ பிறந்தவர் மட்டுமே தகுதி உடையவர். அவரும் உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்தால்தான் பட்டியலில் இடம்பெற்றிருப்பார்.

உரிய காலம் என்பதற்கும் சட்டத்தில் எல்லை உண்டு. வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்த பிறகு, அந்தத் தேர்தல் நிறைவடையும் வரை, எவருடைய பெயரையும் பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கிறது. மேலும், விண்ணப்பம் வந்தபின் ஆட்சேபணைக்காக ஏழு நாட்கள் அறிவிப்பு ஒட்டப்பட வேண்டியிருப்பதால், கடைசி நாளன்று தரப்படும் விண்ணப்பம் அந்தத் தேர்தலுக்குப் பயன்படாது. குறைந்தது பத்து நாட்களாவது முன்னதாகத் தர வேண்டும்.

ஆகவே, தகுதியைச் சரிபார்க்க விரும்பும் குடும்பம் முதலில் பிறந்த தேதியை ஆவணத்தில் பார்க்க வேண்டும். நட்சத்திரப்படி கொண்டாடப்படும் பிறந்தநாள் ஆண்டுதோறும் வெவ்வேறு தேதியில் வருமாதலால் அது இதற்கு உதவாது. பதினெட்டு நடக்கிறது என்று வீட்டில் சொல்லப்படும் வயதும் பதினேழு நிறைந்த வயதே. பள்ளியில் சேர்ப்பதற்காகச் சில மாதங்கள் கூட்டி எழுதப்பட்ட தேதி மதிப்பெண் சான்றிதழில் நின்றுவிட்டிருந்தால், பிறப்புச் சான்றிதழோடு அது முரண்படும். அந்த முரண்பாட்டைத் தீர்த்த பின்னரே விண்ணப்பிப்பது நல்லது. வயதைப் பற்றித் தெரிந்தே பொய்யான உறுதிமொழி தருவது அதே சட்டத்தின் 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். வாக்குச்சாவடியிலும் இதற்கு ஒரு கண்காணிப்பு உண்டு. பட்டியலில் பெயர் இருந்தும் வாக்காளர் வயது குறைந்தவராகத் தோன்றினால், வாக்குப்பதிவு நாளில் அல்லாமல் தகுதி நாளில் அவருக்கிருந்த வயது குறித்த உறுதிமொழியை அவரிடம் எழுதிவாங்குவது வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் கடமை.

தகுதி நாள் கைநழுவியவருக்குச் சட்டம் தரும் வழி, அடுத்த தகுதி நாளுக்கு இப்போதே விண்ணப்பிப்பதாகும். பதினேழு வயது நிறைந்தவர் எவரும், புதிய வாக்காளருக்கான படிவம் 6-ஐ voters.eci.gov.in தளத்தின் வழியாகவோ, தம் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ முன்கூட்டியே தரலாம். அது, அவருக்குப் பதினெட்டு நிறைந்த பின் வரும் தகுதி நாளுக்குரிய விண்ணப்பமாகக் கொள்ளப்படும். மேற்சொன்ன இரு பெண்களும் அவ்வாறு விண்ணப்பித்திருந்தால் 2023 ஜூலை 1-ஐத் தகுதி நாளாகக் கொண்டு பட்டியலில் சேர்ந்து, 2024 ஏப்ரல், மே மாதங்களில் கர்நாடகத்தில் நடந்த மக்களவைத் தேர்தலில் முதல் வாக்கைச் செலுத்தியிருக்க முடியும்.

தகுதி இருந்தும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் நிலைமை வேறு. வாக்காளர் பதிவு அலுவலரின் ஆணைக்கு எதிராகப் பதினைந்து நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடமும், அங்கும் முடிவு எதிராக வந்தால் முப்பது நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இந்த மேல்முறையீடு தவறான நிராகரிப்பைத் திருத்துவதற்கே உரியது. தகுதி நாளுக்கு ஒரு நாள் பின்னர்தான் பதினெட்டு நிறைந்தது என்றாலும், அதைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் அவர்களில் எவருக்கும் இல்லை.

வாக்காளர் அடையாள அட்டை கையில் இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் ஒன்றல்ல. வாக்களிக்கும் உரிமையை 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பட்டியலில் உள்ள பெயரோடு மட்டுமே இணைக்கிறது. ஆகவே, விண்ணப்பித்தவர்கள் தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை அதே தளத்திலோ 1950 என்ற தொலைபேசி எண்ணிலோ கேட்டு, வேட்புமனுத் தாக்கல் முடிவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.