‘முடித்து வைக்கப்பட்டது’ என்று பதில் வந்த பின்

வரித் துறையிடம் சிக்கிய 18,400 ரூபாயைத் திரும்பப் பெற ஒருவர் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தார். நம் வாசகர்களில் பலருக்கு இந்த அனுபவம் அன்னியமாகத் தோன்றாது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2022-23 நிதியாண்டில் நிலை வைப்புகளுக்கு 1,84,000 ரூபாய் வட்டி வந்தது. பத்து விழுக்காடு வரியாகப் பிடிக்கப்பட்டது. ஓய்வூதியத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர் கட்ட வேண்டிய வரி ஒன்றுமே இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் 15எச் படிவம் கொடுத்திருந்தால் பிடித்தமே நேர்ந்திராது, கொடுக்க மறந்துவிட்டார்.

பிழை வங்கிக் கிளையில்தான் தொடங்கியது. வைப்பு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. முதல் பெயர் கணவருடையது. கிளை தன் காலாண்டு அறிக்கையில் பிடித்த வரியை மனைவியின் பான் எண்ணில் சேர்த்துவிட்டது. எனவே 2023 அக்டோபரில் பெங்களூரு மத்திய செயலாக்க மையத்திலிருந்து வந்த அறிவிப்பில், திரும்பத் தர வேண்டிய தொகை சுழியம் என்று இருந்தது. கிளையிடம் எழுதிக் கேட்டார். டிசம்பரில் திருத்த அறிக்கை தாக்கலாகி, 26ஏஎஸ் படிவத்தில் அந்த 18,400 ரூபாய் அவர் பெயருக்கு நேராக வந்து சேர்ந்தது. கிளை மசியாதிருந்தால், புகாரளித்து முப்பது நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அவர் அணுகியிருக்கலாம். அந்த வழி வங்கியின் பிழைக்கு மட்டுமே. வரித் துறையின் தாமதத்துக்கு அது உதவாது.

2024 ஜனவரியில் வருமான வரி இணையதளத்தில் திருத்த மனு கொடுத்தார். மனு அவருடைய மதிப்பீட்டு அதிகாரிக்கு மாற்றப்பட்டது. மார்ச்சில் அதே தளத்தின் குறைதீர் பகுதியில் எழுதியபோது, ‘மதிப்பீட்டு அதிகாரியை அணுகவும்’ என்ற ஒரு வரியுடன் புகார் மூடப்பட்டது. அதிகாரிக்குக் கடிதம் எழுதினால் பெங்களூருவைக் கேட்கச் சொன்னார்கள். இரு அலுவலகங்களும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டும் இந்த நிலையில்தான் துறைக்கு வெளியே போகும் எண்ணம் எவருக்கும் எழும்.

வெளியே யார் இருக்கிறார்? வருமான வரிக்கெனத் தனிக் குறைதீர்ப்பாளர் பதவி ஒன்று முன்பு இருந்தது. 2019 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை அதைக் கலைக்க ஒப்புதல் அளித்தது. இன்றும் சில பழைய கையேடுகள் அவருக்கு எழுதச் சொல்கின்றன, எழுதிப் பயனில்லை. இப்போது சாதாரண வரி செலுத்துவோருக்கு எட்டும் இடம், மத்திய அரசின் நிர்வாகச் சீர்திருத்தம் மற்றும் பொதுக் குறைகள் துறை நடத்தும் சிபிகிராம்ஸ் என்ற அமைப்பு. முகவரி pgportal.gov.in. கட்டணமில்லை.

இதன் எல்லையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தளம் நிதியமைச்சகத்துக்கு வெளியே இருந்தாலும், புகாருக்குப் பதிலெழுதுவது வரித் துறையின் அதிகாரியே. தீர்ப்பளிக்கும் நடுவர் எவரும் அங்கில்லை. ஆயினும் புகார் பதிவான நாளும் பதில் வந்த நாளும் துறைக்கு வெளியே இன்னொருவர் கண்ணில் படுகின்றன. 2024 ஆகஸ்டில் வெளியான வழிகாட்டு நெறிமுறைகளின்படி பதிலளிக்க 21 நாள். பதில் நிறைவளிக்காவிட்டால் உயர் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். கீழே இருந்தவர் எழுதிய பதிலை மேலே இருப்பவர் படித்தாக வேண்டும் என்பதே இதன் வலு.

அந்த வலு முழுவதும் புகாரின் முதல் இரண்டு வரிகளைப் பொறுத்தது. ஆசிரியரின் முதல் வரைவு மூன்று பக்கம் நீண்டிருந்தது: கிளையின் பிழை, தொலைபேசிக் காத்திருப்பு, மனவருத்தம். படிப்பவர் அதில் எதற்குப் பதிலெழுதுவது என்று அறியமாட்டார். பொதுப்பட ஒரு வரி எழுதி மூடிவிடுவார். பின்னர் அவர் சட்டத்தில் ஒரு பிடியைக் கண்டுகொண்டார். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 154(8) பிரிவின்படி, வரி செலுத்துவோர் கொடுத்த திருத்த மனுவின் மீது, அது பெறப்பட்ட மாதத்தின் முடிவிலிருந்து ஆறு மாதங்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். ஜனவரியில் கொடுத்த மனுவுக்குக் கெடு ஜூலை 31. ஆகஸ்டில் அவர் அனுப்பிய புகார் இவ்வாறு தொடங்கியது:

“2023-24 மதிப்பீட்டாண்டுக்கான என் திருத்த மனு ஜனவரியில் பெறப்பட்டது. 154(8) பிரிவின் காலக்கெடு ஜூலை 31-இல் முடிந்தும் ஆணை வரவில்லை. மனுவின் மீது ஆணை பிறப்பிக்குமாறு வேண்டுகிறேன்.”

மூன்றே இணைப்புகள்: திருத்த மனுவின் ஒப்புகை, 26ஏஎஸ் பக்கம், மார்ச்சில் வந்த ஒரு வரிப் பதில். பணத்தைத் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். தருவதா கூடாதா என்பது அதிகாரி முடிவு செய்ய வேண்டிய செய்தி. முடிவே எடுக்காமல் இருப்பதற்குத்தான் விளக்கம் சொல்ல இயலாது.

செப்டம்பரில், ‘உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது’ என்று எழுதிப் புகார் முடித்து வைக்கப்பட்டது. நம்மில் பெரும்பாலோர் இங்கேதான் சலித்துப்போய் விட்டுவிடுகிறோம். புதுப் புகார் கொடுப்பதும் தவறு. நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். மூடிய புகாரின் பதிலுக்கு மதிப்பீடு கேட்கும் இடத்தில் Poor என்று குறித்தால் மேல்முறையீட்டுக்கான வழி திறக்கும். அதை முப்பது நாளுக்குள் செய்ய வேண்டும். அவர் எழுதியது ஒரே வாக்கியம்: மனு அனுப்பப்பட்டதாகப் பதில் சொல்கிறது, ஆணை பிறப்பிக்கப்பட்டதாகச் சொல்லவில்லை. நவம்பரில் ஆணை வந்தது. 18,400 ரூபாயுடன், 2023 ஏப்ரல் முதல் இருபது மாதங்களுக்கு மாதம் அரை விழுக்காடாக 1,840 ரூபாய் வட்டியும் கணக்கில் சேர்ந்தது. அந்த வட்டிக்கும் வரி உண்டு என்பதை அடுத்த கணக்கில் மறக்கக் கூடாது.

எல்லா வழக்கும் இப்படிப் புகாரால் தீராது. உங்கள் கழிவு ஒன்றைத் துறை ஏற்க மறுத்து ஆணையிட்டிருந்தால் அது தாமதம் அல்ல, முடிவு. அதற்கு உரியது துறையின் மேல்முறையீட்டு ஆணையரிடம் முப்பது நாளுக்குள் செய்யும் சட்டப்படியான முறையீடு. சிபிகிராம்ஸ் புகார் அந்த முப்பது நாளை நிறுத்தி வைக்காது. பதிலுக்குக் காத்திருந்து முறையீட்டு உரிமையை இழப்பது மிகவும் வருந்தத்தக்க இழப்பு. நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள விவகாரங்களைச் சிபிகிராம்ஸ் ஏற்பதும் இல்லை.

முழுமையாகத் துறையைச் சாராத இடம் வேண்டுமென்றால் அது உயர் நீதிமன்றமே. அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ், இத்தனை வாரத்துக்குள் மனுவை முடிவு செய்க என்று அது கட்டளையிட முடியும். பதினெட்டாயிரத்துக்காக வழக்கறிஞர் வைப்பது கட்டுபடியாகாது. பெரிய தொகை பல ஆண்டு முடங்கியிருந்தால் கணக்கு வேறு. இதே வரிப் பிடித்தச் சிக்கலைப் பற்றிப் பட்டயக் கணக்காளர் ஒருவர் எழுதிய கடிதத்தை டெல்லி உயர் நீதிமன்றம் பொதுநல வழக்காக ஏற்று, 2013 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து அவ்வாண்டு ஜூலையில் நேரடி வரிகள் வாரியம் 5/2013 என்ற அறிவுறுத்தலை வெளியிட்டது. பிடித்த வரி அரசுக்குச் செலுத்தப்பட்டிருப்பதை மதிப்பீட்டு அதிகாரி சரிபார்த்து, செலுத்தப்பட்டிருந்தால் வரி செலுத்துவோருக்கு அதன் பலனைத் தர வேண்டும் என்கிறது அது. இத்தகைய சிக்கலில் புகார் எழுதுவோர் அந்த எண்ணைத் தம் மனுவில் குறிப்பிடலாம்.

ஆசிரியர் அடுத்து வந்த ஏப்ரல் முதல் வாரத்திலேயே 15எச் படிவத்தைக் கிளையில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டார். படிவத்தில் எழுதிய பான் எண் தம்முடையதுதானா என்று முகப்பில் இருந்தவரைப் படித்துக் காட்டச் சொன்னாராம்.