ஆய்வுக் கட்டுரையைக் குறுங்கட்டுரையாக்கக் கேட்கும் கடிதம்

முழுநீள ஆய்வுக் கட்டுரையாக ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியதை, மதிப்பீட்டுக்குப் பிறகு 'ஷார்ட் கம்யூனிகேஷன்' எனப்படும் குறுங்கட்டுரை வகைக்கு மாற்றித் தருமாறு ஆசிரியரிடம் கேட்பது ஆய்வுலகில் வழக்கமாக நடப்பதுதான். அதற்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. வகையை மாற்றக் கேட்பது ஒன்று. எதை வெட்டினோம், ஏன் வெட்டினோம், வெட்டியபின் எது நிலைக்கிறது என்று கணக்குக் காட்டுவது மற்றொன்று. முதல் வேலைக்கு இரண்டு வரி போதும். ஆசிரியர் முடிவெடுப்பது இரண்டாவதைப் படித்துத்தான்.

குறுங்கட்டுரைக்கான வரம்பு இதழுக்கு இதழ் மாறும். பல இதழ்களில் அது 2,000 முதல் 3,000 சொற்கள், ஓரிரு படங்கள் அல்லது அட்டவணைகள், இருபதையொட்டிய மேற்கோள் நூல்கள் என்ற அளவில் இருக்கும். சொற்கணக்கில் சுருக்கவுரையும் மேற்கோள் பட்டியலும் சேருமா என்பதும் இதழைப் பொறுத்தது. கோவையிலிருந்து வெளிவரும் 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா' போன்ற இதழ்கள் முழுக்கட்டுரை, குறுங்கட்டுரை, குறிப்பு என்று தனித்தனி வகைகளையே வைத்திருக்கின்றன. நீளத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. முழுக்கட்டுரை ஒரு கேள்வியைப் பல பக்கங்களிலிருந்து ஆராய்ந்து விளக்கம் தர வேண்டும். குறுங்கட்டுரையிடம் எதிர்பார்ப்பது உறுதியான ஒரு கண்டுபிடிப்பையும் அதற்கான சான்றையும்தான். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 'நேச்சர்' இதழில் அறிவித்த கட்டுரை ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டியது. அதில் படம் ஒன்றுதான். அதற்குத் துணையான எக்ஸ்-கதிர்ச் சான்றுகள் அதே இதழில் வில்கின்ஸ் குழுவும் ஃபிராங்க்ளின் குழுவும் எழுதிய தனிக் கட்டுரைகளில் வந்தன. ஆக, கட்டுரை எவ்வளவு குறுகினாலும் சான்று ஏதோ ஓரிடத்தில் வாசகர் பார்க்கும்படி இருந்தாக வேண்டும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்து இதை முழுமையாகப் பார்க்கலாம். இரண்டு கிராமங்களில் 30 கிணறுகளின் நீரில் ஃபுளோரைடு அளவை ஒரு குழு கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் அளக்கிறது. அவற்றில் 18 ஆழம் குறைந்த திறந்த கிணறுகள், 12 ஆழ்துளைக் கிணறுகள். மழைக்குப் பின் 14 திறந்த கிணறுகளில் அளவு குறைந்தது, 4 கிணறுகளில் கூடியது. ஆழ்துளைக் கிணறுகளில் அளவீட்டுப் பிழையைத் தாண்டிய மாற்றம் இல்லை. குழு இதை 6,100 சொற்களில், 6 படங்களும் 4 அட்டவணைகளும் 62 மேற்கோள்களுமாக முழுக்கட்டுரையாக அனுப்புகிறது. ஃபுளோரைடு எந்தப் பாறையிலிருந்து வருகிறது என்ற விவாதமும், 40 குழந்தைகளின் பற்களில் கறை பார்த்த சிறு கணக்கெடுப்பும் அதில் இருக்கின்றன.

மதிப்பீட்டாளர்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே கருத்தைச் சொல்கிறார்கள். கிணற்று நீர் அளவீடு நம்பத்தக்கது. ஆனால் இது ஒரே ஆண்டின் தரவு. பாறை மாதிரி எடுக்காமல் பாறையைக் காரணம் காட்ட முடியாது. குழந்தைகள் எந்தக் கிணற்று நீரை எத்தனை ஆண்டுகளாகக் குடித்தார்கள் என்று தெரியாதபோது கணக்கெடுப்பும் நிற்காது. ஆசிரியர் 'பெரிய திருத்தம் தேவை' என்று முடிவனுப்புகிறார். குழுவுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. இன்னும் ஓராண்டு மாதிரி எடுத்துப் பாறையையும் ஆராயலாம். அல்லது உறுதியாகத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு குறுங்கட்டுரையாக்கலாம். இரண்டாவது வழிதான் இந்தக் கடிதத்துக்கு உரிய சூழல். அளவீடே ஐயத்துக்குரியது என்று மதிப்பீட்டாளர்கள் சொல்லியிருந்தால் சுருக்குவதால் பயனில்லை. பிழையான அளவீடு எந்த வகையில் வந்தாலும் பிழையானதுதான்.

கடிதத்துக்குச் சரியான நேரம், முடிவு வந்த பிறகு, திருத்திய பிரதியைப் பதிவேற்றுவதற்கு முன். பெரும்பாலான இணையச் சமர்ப்பிப்பு முறைகளில் கட்டுரை வகை முதலிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டுவிடும். அதன்பின் அதை மாற்ற ஆசிரியரோ இதழ் அலுவலகமோதான் அனுமதிக்க வேண்டும். கேட்காமலேயே பாதியாகச் சுருக்கிய பிரதியை முழுக்கட்டுரை வகையிலேயே ஏற்றினால், கேட்ட திருத்தத்தைச் செய்யாமல் கட்டுரையைக் குறைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் மதிப்பீட்டாளருக்கு வரும்.

கடிதத்தின் தொடக்கத்தில் பிரதி எண், தலைப்பு, இப்போதைய வகை, கோரும் வகை ஆகியவை வர வேண்டும். அடுத்து, மதிப்பீட்டாளர் கருத்தோடு நேரடியாக இணைத்துக் காரணம் சொல்ல வேண்டும். 'சுருக்கமாக இருந்தால் படிக்க எளிது' என்பது காரணமாகாது. நம் எடுத்துக்காட்டில் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

'ஓராண்டுத் தரவைக் கொண்டு ஃபுளோரைடின் மூலத்தை விளக்க முடியாது என்ற இரு மதிப்பீட்டாளர்களின் கருத்தையும் ஏற்கிறோம். பருவமழைக்குப் பின் திறந்த கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் காணும் வேறுபாட்டை மட்டும் இத்தரவு தாங்கும் என்று கருதுகிறோம். ஆகவே, பிரதியைக் குறுங்கட்டுரையாகப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சுருக்கிய வடிவம் 2,420 சொற்கள், ஒரு படம், ஓர் அட்டவணை, 19 மேற்கோள்கள் கொண்டது. 30 கிணறுகளின் இரு பருவ அளவுகளும் விடுபடாமல் துணைக் கோப்பில் உள்ளன. இணையாசிரியர்கள் அனைவரும் இம்மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்துள்ளனர்.'

இதையடுத்து வெட்டுகளின் கணக்கு. இவ்வளவு குறைந்த பிரதியில் மாற்றங்களை வண்ணமிட்டுக் காட்டும் கோப்பு பக்கம் முழுக்கச் சிவப்பாகவே இருக்கும். யாராலும் அதைப் பின்தொடர முடியாது. எது போயிற்று, எங்கே போயிற்று, ஏன் என்று பகுதிவாரியாகச் சொல்வதே பயன்படும். முன்னுரையில் நாடு முழுவதுமான ஃபுளோரைடு வரலாறு 650 சொற்கள் குறைகிறது. அது பிற கட்டுரைகளில் கிடைப்பதால் இரண்டு மேற்கோள்கள் போதும். பிற அயனிகளோடு உள்ள தொடர்பு பற்றிய 1,000 சொற்களும் மூன்று படங்களும் துணைக் கோப்புக்குப் போகின்றன. பாறைக் காரணம் பற்றிய 700 சொற்கள் சான்று இல்லாததால் நீக்கப்படுகின்றன. குழந்தைகள் கணக்கெடுப்பின் 600 சொற்கள் முழுவதும் நீங்குகின்றன. எஞ்சிய 730 சொற்கள் முடிவுகளை மறுபடி சொன்ன இடங்களிலிருந்தும் பரிந்துரைகளிலிருந்தும் குறைகின்றன. இடம் மாறியது, அடியோடு நீங்கியது என்ற இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது முக்கியம். பாறை விவாதம் நீங்கியதால் கட்டுரையின் வாதமே சுருங்குகிறது. அயனி விவரம் துணைக் கோப்புக்குப் போனதால் வாதம் மாறவில்லை. ஆசிரியர் கவனிப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

சொல் குறைக்கும் அவசரத்தில் முதலில் பலியாவது ஆய்வுமுறைப் பகுதி. அது ஆபத்தான இடம். ஃபுளோரைடை அளக்கும் மின்முனை தனித்து மிதக்கும் ஃபுளோரைடு அயனியை மட்டுமே உணரும். நீரில் அலுமினியமோ இரும்போ இருந்தால் ஃபுளோரைடின் ஒரு பகுதி அவற்றோடு பிணைந்து மறைந்துவிடும், காட்டும் அளவு குறைந்துவிடும். அந்தப் பிணைப்பை உடைத்து, கரைசலின் அமிலத்தன்மையையும் அயனிச் செறிவையும் ஒரே நிலையில் வைக்க, 'டிசாப்' என்று ஆய்வகங்களில் அழைக்கப்படும் கரைசலை மாதிரியோடு கலப்பார்கள். இதைச் சொல்லும் வாக்கியம் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான். அதை நீக்கிவிட்டால், மழைக்குப் பின் அளவு குறைந்தது உண்மையாகவா, அல்லது மழைநீர் கொண்டுவந்த இரும்பு ஃபுளோரைடை மறைத்ததாலா என்று வாசகரால் தீர்மானிக்க முடியாது. அளவுத்திருத்தம், மீளளவு, மாதிரி எண்ணிக்கை, அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். வேறு ஆய்வுக் கட்டுரையைச் சுட்டி 'அதே முறை' என்று எழுதும்போதும், அதிலிருந்து மாறுபட்ட படிகளை இங்கே சொல்லியாக வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, பொருந்தாத முடிவை வெட்டுவது. ஃபுளோரைடு கூடிய அந்த 4 கிணறுகளை விட்டுவிட்டால் 'மழைக்குப் பின் திறந்த கிணறுகளில் ஃபுளோரைடு குறைகிறது' என்று ஒரே வரியில் நேர்த்தியாக முடித்துவிடலாம். ஆனால் அது அப்போது சுருக்கம் அல்ல, திரிபு. கூடியதற்குக் காரணம் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று எழுதலாம். அந்த 4 கிணறுகள் எங்கே இடம்பெறுகின்றன என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. முதல் பிரதியைப் படித்த மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது அதைத்தான்.

மதிப்பீட்டாளர்களுக்கான பதில் தனி ஆவணம். கடிதம் அதற்கு மாற்றாகாது. கேள்வி எழுந்த பகுதியே நீங்கிவிட்டாலும் 'அப்பகுதி நீக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினால் நழுவுவதுபோல் இருக்கும். பாறை பற்றிய கேள்விக்கு, 'பாறை மாதிரி எடுக்கப்படவில்லை. ஆகவே மூலம் பற்றிய கூற்று சுருக்கவுரையிலிருந்தும் முடிவுரையிலிருந்தும் நீக்கப்பட்டது' என்பது பதிலாகும். தலைப்பிலோ சுருக்கவுரையிலோ பழைய கூற்றின் எச்சம் ஒட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நேர்கிறது. உடலைச் சுருக்கிய பின் தலைப்பை மீண்டும் படித்தால் அது தெரிந்துவிடும்.

நீக்கிய பகுதி வேறெங்காவது போகுமா என்பதையும் கடிதம் மறைக்கக் கூடாது. ஒரே ஆய்வைத் துண்டு துண்டாக்கிப் பல கட்டுரைகளாக்குவதை இதழ்கள் முறைகேடாகப் பார்க்கின்றன. குழந்தைகள் கணக்கெடுப்பு பின்னாளில் விரிவாகத் தனி ஆய்வாகும் என்றால் அதைச் சொல்லலாம். அதற்கென்று புதிய மாதிரிகளும் வேறு கேள்வியும் இருக்கும் என்றால் ஆசிரியருக்கு எதிர்ப்பு இருக்காது. அதே 30 கிணறுகளின் அயனி அளவுகளை அடுத்த மாதம் இன்னோர் இதழுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அவற்றைத் துணைக் கோப்பில் வைத்துவிட்டதாகச் சொல்வது பொருந்தாது.

கடிதத்தைப் படித்த ஆசிரியர் பொதுவாக நான்கில் ஒன்றைச் செய்வார். வகையை மாற்றிச் சுருக்கிய பிரதியை அதே மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பலாம். வெட்டு பெரிதாக இருந்தால் புதிய சமர்ப்பிப்பாக அனுப்பச் சொல்லலாம். கண்டுபிடிப்பு குறுங்கட்டுரைக்கும் போதாது என்று மறுக்கலாம். அல்லது, வெட்டியதில் ஒன்று கட்டுரைக்கு அவசியம் என்று திரும்பச் சேர்க்கச் சொல்லலாம். நான்காவதற்கு இடம் கொடுத்து, 'தாங்கள் தேவையெனக் கருதும் பகுதியை வரம்புக்குள் மீண்டும் சேர்க்க இயலும்' என்ற வரியோடு முடிக்கலாம். 2,500 சொல் வரம்புள்ள இதழில் 2,420-ல் நிற்கும் பிரதிக்கு 80 சொற்கள் மிச்சம் இருக்கின்றன. அந்த 4 கிணறுகளைப் பற்றி இன்னொரு பத்தி எழுத அது போதும்.