கடித்தால் ஒரு விஷம், தின்றால் ஒரு விஷம்

நல்லபாம்புக்கும் விஷம் உண்டு, பேத்தை மீனுக்கும் விஷம் உண்டு. பாம்பு தன் விஷத்தைத் தானே நம் உடம்புக்குள் செலுத்திவிடும். பேத்தையால் அது முடியாது. நாம் தின்றால்தான் அதன் விஷம் நமக்குள் வரும். விஷப் பிராணிகளை இரண்டு வகையாகப் பிரிப்பது இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

நல்லபாம்பின் கண்ணுக்குப் பின்புறம் விஷச் சுரப்பி இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் விஷப்பல் வரை வருகிறது. கடிக்கும்போது சுரப்பி அழுந்த, பல்லில் உள்ள துளை வழியே விஷம் சதைக்குள் இறங்குகிறது. தேளுக்கும் குளவிக்கும் அந்த வேலையைக் கொடுக்கு செய்கிறது. ஆக, இந்த வகைக்கு விஷத்தோடு அதை உள்ளே செலுத்த ஓர் உறுப்பும் இருக்கும்.

பேத்தைக்கு அப்படி எதுவும் இல்லை. வலையில் சிக்கினால் தண்ணீரையோ காற்றையோ விழுங்கிப் பந்துபோல உப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். விஷம் அதன் ஈரலிலும் சினையிலும், பல இனங்களில் தோலிலும் தேங்கியிருக்கிறது. டெட்ரோடோடாக்சின் என்ற இந்த விஷத்தை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள். இரை வழியாக அது மீனின் உடலில் சேர்கிறது. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் விஷம் அழியாது. தின்றவருக்கு முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு கைகால் தளரும். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை தடைபடுவதால், கடைசியில் மூச்சுவிடும் தசைகளும் நின்றுவிடும்.

இதே டெட்ரோடோடாக்சின் ஆஸ்திரேலியக் கடலோரத்தில் வாழும் நீலவளைய ஆக்டோபஸிடமும் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறிய பிராணி அது. அதன் உமிழ்நீரில் விஷம் உண்டு; அலகால் கடித்து அதைச் செலுத்துகிறது. கடிபட்டது பலருக்கு உடனே தெரிவதுகூட இல்லை. பேத்தையிடம் தின்றால் கொல்லும் அதே பொருள், இங்கே கடித்தால் கொல்கிறது. ஆக்டோபஸின் சதையிலும் அந்த விஷம் இருப்பதால், அதைத் தின்பதும் ஆபத்து. ஒரே பிராணி இரண்டு வகையிலும் சேர்வதும் உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சிகிச்சையும் வேறுபடுகிறது. பாம்பு விஷத்தில் பெரும்பகுதி புரதம். அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள். டெட்ரோடோடாக்சினுக்கு அப்படி முறிவு மருந்து கிடையாது. உடம்பு விஷத்தை வெளியேற்றும் வரை செயற்கை சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதுதான்.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறவோ உறிஞ்சவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மீன் சாப்பிட்ட பிறகு உதடு மரத்தால், உடனே கிளம்புங்கள். எந்த மீனைச் சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.