கைவிட்ட ஈசாப்புக்கு 492 கோடி செலவு ஏன்?

2025 ஏப்ரலில், பேடிஎம் செயலியை நடத்தும் ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் பங்குச் சந்தைகளுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. நிறுவனர் விஜய் சேகர் சர்மா, 2021-ல் தனக்கு வழங்கப்பட்ட 2.1 கோடி ஈசாப்களைத் தானாகவே விட்டுக்கொடுத்திருந்தார். இதனால் 2025 மார்ச்சில் முடிந்த காலாண்டில் 492 கோடி ரூபாய் கூடுதல் செலவு எழுதப்படும் என்றும், வரும் ஆண்டுகளின் செலவு அந்த அளவுக்குக் குறையும் என்றும் அந்த அறிவிப்பு சொன்னது.

ஊழியர் ஒருவர் தனக்கு வரவேண்டியதை வேண்டாம் என்கிறார். நியாயமாகப் பார்த்தால் நிறுவனத்துக்குச் செலவு மிச்சமாக வேண்டும். ஆனால் செலவு உடனே ஏறிவிட்டது. இதில் தவறு எதுவும் இல்லை. கணக்கியல் விதி அப்படித்தான் கேட்கிறது. அந்த விதியின் காரணம் பிடிபட்டால், ஈசாப் கணக்கின் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

ஈசாப் என்பது பங்கு அல்ல. பங்கை வாங்கும் உரிமை. ‘எங்கள் பங்கை 200 ரூபாய்க்கு நீங்கள் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மூன்று ஆண்டுகள் இங்கே வேலை பார்த்திருக்க வேண்டும்’ என்று நிறுவனம் ஊழியரிடம் சொல்கிறது. மூன்று ஆண்டு முடிவில் பங்கு 350 ரூபாய்க்கு விற்றால், அவர் 200 கொடுத்து வாங்கி 150 ரூபாய் லாபம் பார்க்கலாம். விலை 120-க்கு இறங்கியிருந்தால் வாங்காமல் விட்டுவிடலாம். உரிமை கைக்கு வரும்வரை காத்திருக்கும் அந்த மூன்று ஆண்டுகளைத்தான் வெஸ்டிங் காலம் என்கிறார்கள். இந்தியாவில் குறைந்தது ஓராண்டு வெஸ்டிங் காலம் இருக்க வேண்டும் என்பது சட்ட விதி.

இந்த ஏற்பாட்டில் நிறுவனத்தின் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. பிறகு எதற்குச் செலவு எழுத வேண்டும்? அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடந்த சண்டையே இதைப் பற்றித்தான். அங்கே 1972 முதல் இருந்த விதிப்படி, வழங்கிய நாளின் சந்தை விலையையே வாங்கும் விலையாக வைத்தால் பெரும்பாலும் செலவே காட்ட வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் கணக்கியல் வாரியம் அதை மாற்ற முயன்றபோது தொழில்நுட்ப நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. 1994-ல் செனட் சபையே 88-க்கு 9 என்ற வாக்கில் அந்த முயற்சிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. வாரியம் பின்வாங்கியது. என்ரான் போன்ற கணக்கு மோசடிகள் வெளிவந்த பிறகே காற்று திசை மாறியது. 2004-ல் சர்வதேசக் கணக்கியல் வாரியமும் அமெரிக்க வாரியமும் ஈசாப் ஒரு செலவு என்று கட்டாயமாக்கின. 2016 முதல் இந்தியாவின் பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் ‘இந்த் ஏ.எஸ். 102’ என்ற தரநிலையும் அந்தச் சர்வதேச விதியின் வழிவந்ததுதான்.

அந்தத் தரநிலையின் வாதம் நேரானது. ஊழியர் உழைக்கிறார், நிறுவனம் அந்த உழைப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. அதற்கு ஈடாகப் பணம் கொடுத்தாலும், பங்கு வாங்கும் உரிமையைக் கொடுத்தாலும், பயன்படுத்தப்பட்டது உழைப்புதான். பணமாகக் கொடுத்தால் அதன் பாரம் பணப்பெட்டியில் விழுகிறது. ஈசாப் கொடுத்தால், பழைய பங்குதாரர்களின் பங்கு விகிதம் குறைவதன் மூலம் அந்தப் பாரம் அவர்கள் தலையில் விழுகிறது.

செலவைப் பிரித்து எழுதுவதற்கான காரணமும் இதே வாதத்தில் இருக்கிறது. ஈசாப் வழங்கிய நாளில் ஊழியர் அதற்கான வேலையை இன்னும் செய்யவில்லை. அந்த நாளில் முழுச் செலவையும் எழுதினால், வராத உழைப்புக்குச் செலவு காட்டியதாகிவிடும். மூன்றாம் ஆண்டு முடிவில் எழுதலாம் என்று விட்டால், முதல் இரண்டு ஆண்டுகளின் லாபம் பொய்யாக வீங்கும். உழைப்பு மூன்று ஆண்டுகளில் வருகிறது. செலவும் அதே மூன்று ஆண்டுகளில் வர வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனம் 100 ஊழியர்களுக்கு, ஆளுக்கு 1,000 ஈசாப் வழங்குகிறது. மூன்று ஆண்டு வேலை பார்த்தால் மொத்தமும் ஒரே நாளில் கைக்கு வரும். முதலில் ஓர் ஈசாப்பின் நியாய மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். பங்கின் அன்றைய விலை, வாங்கும் விலை, விலை எவ்வளவு ஏறி இறங்கக்கூடும், எத்தனை ஆண்டு கழித்து ஊழியர் வாங்குவார், வட்டி விகிதம், டிவிடெண்ட் ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு மதிப்பீட்டாளர் இதைக் கணிப்பார். பெரும்பாலும் பயன்படுவது 1973-ல் வெளியான பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம். நம் கணக்கில் அந்த மதிப்பு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த 60 ரூபாய் வழங்கிய நாளோடு உறைந்துவிடுகிறது. பிறகு பங்கு ஏறினாலும் இறங்கினாலும் மாறாது.

மாறுவது எண்ணிக்கை. மூன்று ஆண்டு முடிவதற்குள் 15 பேர் வேலையை விட்டுப் போவார்கள் என்று முதல் ஆண்டில் நிறுவனம் கணிக்கிறது. மிஞ்சும் 85 பேருக்கு 85,000 ஈசாப். மதிப்பு 51 லட்சம் ரூபாய். மூன்றில் ஒரு பங்கு காலம் முடிந்ததால் முதல் ஆண்டுச் செலவு 17 லட்சம். இரண்டாம் ஆண்டில் ஆட்கள் வேகமாகக் கழன்றுகொள்கிறார்கள். 80 பேர்தான் மிஞ்சுவார்கள் என்று கணிப்பு மாறுகிறது. மொத்த மதிப்பு 48 லட்சம். அதில் மூன்றில் இரண்டு பங்கு 32 லட்சம். முன்பே எழுதிய 17 லட்சத்தைக் கழித்தால் அந்த ஆண்டுச் செலவு 15 லட்சம். மூன்றாம் ஆண்டு முடிவில் உண்மையில் இருப்பவர்கள் 82 பேர். மொத்தம் 49.2 லட்சம், முன்பு எழுதிய 32 லட்சம் போக, 17.2 லட்சம் கடைசி ஆண்டுச் செலவு.

ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தொகை லாப நட்டக் கணக்கில் ஊழியர் செலவாகப் போகிறது. எதிர்ப்பக்கம் பணம் குறையாமல், பங்குதாரர் நிதியில் ‘நிலுவையிலுள்ள ஈசாப்’ என்ற தலைப்பில் அதே தொகை ஏறுகிறது. பணம் வெளியே போகாத செலவு என்று இதைச் சொல்வது இதனால்தான்.

இப்போது ஒரு கடினமான கேள்வி. மூன்று ஆண்டு கழித்து பங்கு 120 ரூபாய்க்கு விழுந்துவிட்டது. 82 பேரில் ஒருவரும் 200 ரூபாய் கொடுத்து வாங்கவில்லை. ஊழியருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எழுதிய 49.2 லட்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. பங்குதாரர் நிதிக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாமே தவிர, லாபத்தில் சேர்க்க முடியாது. உழைப்பு வந்துவிட்டது, பயன்பட்டுவிட்டது. கூலியாகக் கொடுத்த உரிமை பிற்பாடு மதிப்பிழந்ததால், வாங்கிய உழைப்பு இலவசமாகிவிடாது. மாறாக, இரண்டாம் ஆண்டில் வேலையை விட்டுப் போனவர் தன் பங்குக்கான உழைப்பை முழுதாகத் தரவில்லை. அதனால் அவர் பெயரில் எழுதிய செலவு திரும்ப வந்துவிடுகிறது. செலவைத் தீர்மானிப்பது உழைப்பு வந்ததா இல்லையா என்பதுதான்; ஊழியருக்கு லாபம் கிடைத்ததா என்பது அல்ல.

இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு பேடிஎம்முக்கு வருவோம். 2021 நவம்பரில் அதன் பங்கு 2,150 ரூபாய்க்கு வெளியிடப்பட்டது. நிறுவனத்தின் சந்தை மதிப்பு வெளியீட்டு நேரத்து அளவைத் தாண்டி நிலைத்தால்தான் தன் ஈசாப் கைக்கு வரும் என்று 2022-ல் சர்மா பங்குதாரர்களுக்கு எழுதியிருந்தார். விட்டுக்கொடுக்கும் நாள்வரை பங்கு அந்த விலைக்கு மேல் ஏறவே இல்லை. பங்கு விலையைச் சார்ந்த இப்படியொரு நிபந்தனையைத் தரநிலை தனியாகக் கையாள்கிறது. அது நிறைவேறாமல் போகும் வாய்ப்பைத் தொடக்கத்திலேயே நியாய மதிப்பில் கழித்துவிட வேண்டும். அதன் பிறகு இலக்கு எட்டாக்கனியாகத் தெரிந்தாலும், ஊழியர் வேலையில் இருக்கும்வரை செலவு ஓடிக்கொண்டே இருக்கும்.

சர்மா வேலையை விட்டுப் போகவில்லை. நிர்வாக இயக்குநராகவே தொடர்ந்தார். ஆகவே இது ஊழியர் விலகியதால் காலாவதியான ஈசாப் அல்ல, பதவியில் இருந்துகொண்டே ரத்தான ஈசாப். ரத்தானால், மீதமுள்ள காலத்துக்குப் பிரித்து எழுத வேண்டிய தொகை முழுவதையும் உடனே எழுத வேண்டும் என்கிறது தரநிலை.

ஏன் இத்தனை கறார்? இந்த விதி இல்லையென்றால் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கும். பங்கு விலை சரிந்து ஈசாப் பயனற்றுப் போனதும், ஊழியரும் நிறுவனமும் பேசி அதை ரத்து செய்துவிடலாம். ஊழியருக்கு இழப்பு அதிகமில்லை; நிறுவனத்துக்கோ மீதிச் செலவு முழுதும் மறைந்துவிடும். அந்த வாசலை அடைக்கத்தான், ரத்து என்றால் செலவு முன்கூட்டியே வரும் என்று வைத்தார்கள். 492 கோடி புதிதாக முளைத்த செலவல்ல. பின்னால் வரவிருந்தது முன்னால் வந்தது.

பிரித்து எழுதுவது என்றால் எப்போதும் சரிபாதியாகப் பிரிப்பது என்று எண்ணிவிடக் கூடாது. பல நிறுவனங்கள் ஆண்டுக்குக் கால் பங்கு என்று நான்கு தவணையில் ஈசாப்பைக் கைக்குக் கொடுக்கின்றன. இந்தியத் தரநிலைப்படி ஒவ்வொரு தவணையும் தனி ஈசாப். மொத்த மதிப்பு 48 லட்சம், தவணைக்கு 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணை ஓராண்டில் முடிவதால் 12 லட்சமும் முதல் ஆண்டிலேயே விழும். இரண்டாம் தவணையில் பாதி, மூன்றாவதில் மூன்றிலொரு பங்கு, நான்காவதில் கால் பங்கு என்று 6, 4, 3 லட்சமும் கூடவே சேரும். முதல் ஆண்டுச் செலவு 25 லட்சம். அடுத்த ஆண்டுகளில் 13, 7, 3 லட்சம். பாதிக்கு மேல் முதல் ஆண்டிலேயே போய்விடுகிறது. அமெரிக்க விதியிலோ, வேலையில் நீடிப்பது மட்டுமே நிபந்தனையாக இருந்தால் ஆண்டுக்கு 12 லட்சம் என்று சமமாகவும் எழுதலாம். ஆகவே இரு நாட்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது ஒரே ஆண்டின் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இந்திய நிறுவனத்திலும், ஒரு பெரிய ஒதுக்கீட்டுக்குப் பிந்தைய ஆண்டுகளில் செலவு குறைந்தால், அது நிர்வாகத்தின் சிக்கனமாக இல்லாமல் இந்தச் சரிவாகவே இருக்கலாம்.

புதிய தலைமுறை நிறுவனங்களின் பங்கை வைத்திருப்பவர்கள் காலாண்டு அறிக்கையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஈசாப் செலவுக்கு முந்தைய லாபம்’ என்று ஒரு தனி எண்ணைப் பல நிறுவனங்கள் முன்னால் நிறுத்துகின்றன. பணம் வெளியே போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த உழைப்பு இல்லாமல் அந்த வருமானம் வந்திருக்காது என்பதும் உண்மை. ஆண்டறிக்கையின் குறிப்புகளில் எத்தனை ஈசாப் நிலுவையில் இருக்கிறது, புதிதாக எத்தனை வழங்கினார்கள், நியாய மதிப்பைக் கணிக்க என்ன ஏற்ற இறக்க விகிதம் வைத்தார்கள் என்பதெல்லாம் அச்சாகியிருக்கும். அந்த விகிதத்தைக் குறைத்து வைத்தால் செலவு குறைந்து தெரியும் என்பதால் அதை முந்தைய ஆண்டோடு ஒப்பிட வேண்டும். நிலுவையிலுள்ள ஈசாப்பை மொத்தப் பங்குகளோடு வகுத்துப் பார்த்தால், அவை எல்லாம் பங்காக மாறும்போது உங்கள் பங்கு எவ்வளவு சிறுக்கும் என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிடும்.