யூரின் கல்ச்சர்: ‘நடுவில் வரும் சிறுநீரை மட்டும் பிடியுங்கள்’ என்று லேபில் சொல்வது ஏன்?

மூன்று நாள் காத்திருந்து யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டைத் திறக்கிறீர்கள். கிருமியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘மூன்றுக்கும் மேற்பட்ட வகைக் கிருமிகள் வளர்ந்துள்ளன, மாதிரி மாசுபட்டிருக்கலாம், புதிய மாதிரி அனுப்பவும்’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் குறையவில்லை. எந்த மருந்து கொடுப்பது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. கொடுத்த பணமும் போனது.

லேபைத் திட்டத்தான் தோன்றும். ஆனால் இந்தப் பரிசோதனையின் முடிவு பெரும்பாலும் உங்கள் வீட்டுக் குளியலறையில், சில விநாடிகளில் தீர்மானமாகிவிடுகிறது. கவுன்ட்டரில் டப்பாவை நீட்டி, ‘மிட்ஸ்ட்ரீம் எடுத்துட்டு வாங்க’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

லேபில் என்ன எண்ணுகிறார்கள்?

சாதாரண யூரின் பரிசோதனையும் கல்ச்சரும் வேறு வேறு. சாதாரணப் பரிசோதனையில் சர்க்கரை, புரதம், சீழ் செல்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள், அன்றே ரிப்போர்ட் வந்துவிடும். கல்ச்சரில் சிறுநீரில் இருக்கும் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கிறார்கள்.

சின்ன வளையம் கொண்ட ஒரு கம்பியால் சிறுநீரைத் தொட்டு, ஊட்டச்சத்துக் கூழ் நிரப்பிய தட்டில் தேய்ப்பார்கள். அந்த வளையத்தில் நிற்பது பொதுவாக ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தட்டை உடல் வெப்பநிலைக்கு நெருக்கமான சூட்டில் ஓர் இரவு வைத்தால், ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக மாறும். தட்டில் 100 புள்ளிகள் இருந்தால், ஒரு மில்லிலிட்டரில் 1,00,000 பாக்டீரியா என்று கணக்கு. அது எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டுபிடிக்க மேலும் ஒரு நாள் ஆகும். ரிப்போர்ட் தாமதமாவதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஒரு லட்சம் என்ற எல்லை 1950-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்வர்டு காஸ் என்ற மருத்துவர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. உண்மையான தொற்றையும் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட கிருமியையும் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்க முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. இன்றும் பல ரிப்போர்ட்களில் அந்த எண்ணைப் பார்க்கலாம். ஆனால் அதை லட்சுமணன் கோடு போல எடுத்துக்கொள்ள முடியாது. எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் வரும் உணர்வும் உள்ள ஒரு பெண்ணுக்கு, ஈ.கோலை என்ற ஒரே வகைக் கிருமி ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அது நிஜமான தொற்றாக இருக்கலாம். அதனால் டாக்டர்கள் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, எத்தனை வகைக் கிருமி என்றும் பார்க்கிறார்கள். சிறுநீர்த் தொற்று பெரும்பாலும் ஒரே வகைக் கிருமியால் வருகிறது. மூன்று நான்கு வகை ஒன்றாக வளர்ந்தால், அவை தோலிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

நடுப்பகுதி ஏன்?

சிறுநீர்ப்பைக்குள் தொற்று இல்லாதவரை கிருமிகள் மிகக் குறைவு. வெளியே வரும் குழாயின் கடைசிப் பகுதியிலும், அதைச் சுற்றியுள்ள தோலிலும், பெண்களுக்கு யோனியின் வாயிலிலும் பாக்டீரியா எப்போதும் குடியிருக்கும். அவற்றால் தொந்தரவு ஒன்றும் இல்லை. ஆனால் முதலில் வரும் சிறுநீர் அவற்றையெல்லாம் அடித்துக்கொண்டு வருகிறது. மாடியில் தொட்டி சுத்தமாக இருந்தும், வெகுநேரம் மூடியிருந்த குழாயைத் திறந்ததும் கலங்கலாக வருமே, அதே கதைதான். முதல் சில விநாடிகள் ஓடவிட்ட பிறகு வருவதுதான் தொட்டித் தண்ணீர்.

வீட்டில் எப்படி எடுப்பது?

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் சிறந்தது. இரவு முழுக்க சிறுநீர்ப்பையில் தங்கியிருப்பதால், கிருமி இருந்தால் அதன் எண்ணிக்கை தெளிவாகத் தெரியும். முடியாவிட்டால், கடைசியாகச் சிறுநீர் கழித்து நான்கு மணி நேரமாவது ஆகியிருந்தால் நல்லது. ‘சீக்கிரம் வரட்டும்’ என்று ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால், சிறுநீர் நீர்த்து எண்ணிக்கையும் குறைந்துவிடும்.

டப்பா, லேபிலோ மருந்துக் கடையிலோ கொடுக்கும் கிருமி நீக்கிய டப்பாவாக இருக்க வேண்டும். வீட்டு ஜாம் பாட்டிலை வெந்நீரில் கழுவி எடுத்துப் போவது சாதாரணப் பரிசோதனைக்கே சரியில்லை, கல்ச்சருக்கு வேண்டவே வேண்டாம். முதலில் கைகளை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு பெண்கள் பிறப்புறுப்பின் இதழ்களை விரல்களால் விலக்கி, முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் சுத்தம் செய்து, சுத்தமான டிஷ்யூவால் ஒற்றியெடுக்க வேண்டும். பின்னிருந்து முன்னாகத் துடைத்தால் ஆசனவாய்ப் பக்கத்துக் கிருமிகளை நாமே இழுத்து வருகிறோம். ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி, நுனியைக் கழுவித் துடைத்தால் போதும். டெட்டால், சாவ்லான் போன்றவை வேண்டாம். அதில் ஒரு துளி டப்பாவில் கலந்தாலும், தேடுகிற கிருமியையே கொன்றுவிடலாம்.

நம் ஊர்க் குளியலறைகளுக்கென்று ஒரு எச்சரிக்கை: ஹெல்த் ஃபாசெட்டால் பீய்ச்சிக் கழுவினால், தண்ணீர் சொட்டும்போதே டப்பாவைப் பிடிக்காதீர்கள். அந்தச் சொட்டு தோலில் பட்டு டப்பாவுக்குள் போகும். உட்காரும் முன்பே டப்பாவைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான சில விநாடிகள். பெண்கள் இதழ்களை விலக்கிய கையை எடுக்கக் கூடாது. கையை எடுத்தால் இதழ்கள் மூடி, கழுவியதன் பயன் போய்விடும். முதலில் வருவதைக் கழிப்பறையிலேயே விடுங்கள். இரண்டு மூன்று விநாடி கழித்து, சிறுநீரை நிறுத்தாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே டப்பாவை நடுவில் கொண்டுவாருங்கள். நிறுத்தித் தொடங்கினால், மீண்டும் வருவது இன்னொரு ‘முதல்’ சிறுநீர். டப்பா பாதி நிறைந்ததும் வெளியே எடுத்துவிட்டு, மீதியைக் கழிப்பறையில் விடலாம். 10 முதல் 20 மில்லி கிடைத்தால் தாராளம்.

டப்பாவின் விளிம்பு தோலில் படக் கூடாது, உள்ளே விரல் படக் கூடாது. மூடியைத் திறந்து சிங்க் மேல் கவிழ்த்து வைப்பதும் வேண்டாம், உட்புறம் மேலே பார்க்கும்படி வையுங்கள். மூடியதும் பெயரோடு, எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். பலரும் நேரத்தை எழுதுவதில்லை. அது ஏன் தேவை என்பதற்கு ஒரு உதாரணம் பார்ப்போம்.

காலை 7 முதல் பகல் 12 வரை

பெங்களூரில் வேலை பார்க்கும் 29 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தொற்று இல்லை. மாதிரி எடுக்கும்போது தோலிலிருந்து கொஞ்சம் ஈ.கோலை ஒட்டிக்கொண்டது, மில்லிலிட்டருக்கு 1,000. காலை 7 மணிக்கு எடுத்த டப்பா கைப்பையில் இருக்கிறது. அலுவலகம் போகும் வழியில் 9.30-க்கு லேபின் கிளையில் கொடுக்கிறார். அங்கிருந்து வண்டி வந்து, மத்திய ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், தட்டில் தேய்க்கும்போது மணி 12.

உடல் சூட்டில், நல்ல ஊட்டச்சத்தில் ஈ.கோலை சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அறை வெப்பத்தில் வேகம் குறையும். 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரத்தில் ஏழு முறை இரட்டிப்பாகி, 128 மடங்காகும். 1,000 என்பது 1,28,000 ஆகிறது, அதாவது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. புதிய இடத்தில் பெருகத் தொடங்கும் முன் பாக்டீரியா சற்றுத் தயங்கும் என்பதால், இது ஒரு தோராயக் கணக்குதான். ஆனால் திசை இதுதான். இல்லாத தொற்றுக்கு ஒரு பெயரும், அதற்குரிய ஆன்டிபயாட்டிக் பட்டியலும் ரிப்போர்ட்டில் வந்துவிடும். அவர் கர்ப்பிணி என்றால் விஷயம் இன்னும் தீவிரம். கர்ப்ப காலத்தில் அறிகுறியே இல்லாவிட்டாலும், சிறுநீரில் கிருமி இருந்தால் சிகிச்சை கொடுப்பார்கள். மாசுபட்ட ஒரு டப்பா அவரைத் தேவையில்லாத மருந்துக்குக் கொண்டுபோய்விடும்.

எனவே, எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். முடியாதென்றால் டப்பாவை ஒரு ஜிப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் பாக்டீரியா அநேகமாகப் பெருகாது, 24 மணி நேரம் வரை தாங்கும். ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம். வீட்டுக்கே ஆள் வந்து வாங்கிப்போகும் சேவை என்றால், மாதிரி ஐஸ் பெட்டியில் போகிறதா, எத்தனை மணிக்கு ஆய்வகம் சேரும் என்று கேட்பதில் தவறில்லை. சில இடங்களில் போரிக் அமிலம் போட்ட குழாய் கொடுப்பார்கள். அதில் அறை வெப்பத்திலும் எண்ணிக்கை மாறாமல் இருக்கும், ஆனால் குறிப்பிட்ட கோடு வரை நிரப்ப வேண்டும். குறைவாக ஊற்றினால் மருந்தின் அடர்த்தி கூடி, கிருமியைப் பாதிக்கும்.

மாத்திரை போட்ட பிறகு எடுக்கலாமா?

நேர்மாறான தவறும் நடக்கிறது. முந்தைய முறை மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கை இரவு ஒன்று போட்டுவிட்டு, காலையில் மாதிரி கொடுப்பவர்கள் நிறைய பேர். ஒரு டோஸ் கூட சிறுநீரில் உள்ள கிருமியை வளரவிடாமல் செய்யலாம். ரிப்போர்ட் ‘கிருமி வளரவில்லை’ என்று வரும், தொற்று உள்ளே இருக்கும். மாத்திரைக்கு முன்பே மாதிரி எடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், மருந்தின் பெயரையும் நேரத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நாட்களில் முடிந்தால் தள்ளிப்போடலாம், அவசரம் என்றால் அதையும் லேபில் சொல்லுங்கள். குளிர் காய்ச்சல், விலாப்புறத்தில் வலி, வாந்தி இருந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மாதிரி சரியாக இருந்ததா என்பதை ஓரளவு நீங்களே பார்க்கலாம். கூடவே செய்த சாதாரண யூரின் ரிப்போர்ட்டில் ‘எபிதீலியல் செல்கள்’ என்ற வரி இருக்கும். அவை பெரும்பாலும் வெளித்தோலிலிருந்து உதிர்பவை. அந்த எண் அதிகமாகவும், சீழ் செல்கள் குறைவாகவும், கல்ச்சரில் பல கிருமிகளும் இருந்தால், மருந்துக்கு முன் இன்னொரு மாதிரி கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நடுப்பகுதி என்ற விதி எல்லாச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் பொருந்தாது. கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றுகளுக்கான மரபணுப் பரிசோதனையில், நாம் இங்கே வெளியே விட்ட அந்த முதல் 20, 30 மில்லிதான் தேவை. தேடுகிற கிருமி குழாயின் சுவரில் இருப்பதால், அதை அடித்துக்கொண்டு வரும் சிறுநீரைத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும், கழுவவும் கூடாது. டாக்டர் இரண்டு பரிசோதனையும் எழுதியிருந்தால் இரண்டு டப்பா கேட்டு வாங்கி, எது எதற்கு என்று மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்.