யூரியா கூடியது எப்படி?

மூன்று வரி, மூன்று பத்தி கொண்ட ஒரு சின்ன அட்டவணை. சிறுநீர் உருவாதல் பாடத்தில் பல ஆண்டுகளாக உருமாறி உருமாறி வரும் கேள்வி அது. ரத்தப் பிளாஸ்மா, கிளாமருலஸில் வடிகட்டப்பட்ட திரவம், சிறுநீர் ஆகிய மூன்றிலும் மூன்று பொருள்களின் செறிவு கொடுக்கப்பட்டிருக்கும். புரதம் பிளாஸ்மாவில் லிட்டருக்கு 70 கிராம், மற்ற இரண்டிலும் இல்லை. குளுக்கோஸ் பிளாஸ்மாவிலும் வடிதிரவத்திலும் லிட்டருக்கு 1 கிராம், சிறுநீரில் பூஜ்யம். யூரியா முதல் இரண்டிலும் லிட்டருக்கு 0.3 கிராம், சிறுநீரில் மட்டும் 20 கிராம்.

ஒவ்வொரு பொருளுக்கும் நெஃப்ரானில் என்ன நேர்ந்தது என்று விளக்க வேண்டும்.

முதல் இரண்டையும் மாணவர்கள் சரியாக எழுதிவிடுவார்கள். புரத மூலக்கூறு பெரியது, வடிகட்டியைத் தாண்டவில்லை. குளுக்கோஸ் தாண்டியது, ஆனால் வழியில் முழுவதும் மீள உறிஞ்சப்பட்டது. மூன்றாவதில்தான் சறுக்கல். 0.3 கிராம் 20 கிராமாக, ஏறக்குறைய 67 மடங்காக உயர்ந்திருப்பதைப் பார்த்ததும், "நுண்குழல்கள் யூரியாவைச் சுரந்து சேர்க்கின்றன" என்று எழுதிவிடுவார்கள். பார்த்த மாத்திரத்தில் அப்படித்தான் தோன்றும். உண்மை நேர் எதிரானது: வடிகட்டப்பட்ட யூரியாவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு ரத்தத்துக்கே திரும்பிப் போயிருக்கிறது.

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஆரோக்கியமான ஒருவரின் இரு சிறுநீரகங்களும் நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. ஒரு நாளைக்கு அது 180 லிட்டர். உடலில் பிளாஸ்மா மொத்தமே 3 லிட்டர்தான் என்பதால், அதே பிளாஸ்மா நாளொன்றுக்கு அறுபது முறை வடிகட்டிக்குள் போய் வருகிறது. வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர். இப்போது யூரியாவைப் பெருக்கிப் பார்க்கலாம். வடிகட்டப்பட்டது லிட்டருக்கு 0.3 கிராம் வீதம் 180 லிட்டரில் 54 கிராம். வெளியேறியது லிட்டருக்கு 20 கிராம் வீதம் ஒன்றரை லிட்டரில் 30 கிராம். மீதி 24 கிராம் ரத்தத்துக்குத் திரும்பியது. செறிவு ஏறியதற்குக் காரணம் தண்ணீர் போனதுதான். 180 லிட்டர் ஒன்றரை லிட்டராகச் சுருங்கும்போது, உள்ளே அப்படியே தங்கிவிடும் பொருளின் செறிவு 120 மடங்கு ஏற வேண்டும். யூரியா 67 மடங்கு மட்டுமே ஏறியிருக்கிறது. அந்தக் குறைவே மீள உறிஞ்சப்பட்டதற்குச் சாட்சி.

இந்தக் கணக்கில் தடுமாறியவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1840களில், சிறுநீர் உருவாவது முதலில் வடிகட்டல், பிறகு உறிஞ்சல் என்றார். சில பத்தாண்டுகள் கழித்து ருடால்ஃப் ஹைடன்ஹைன் அதை மறுத்தார். அன்றாடம் வெளியேறும் யூரியா முழுவதும் வடிகட்டல் வழியாகவே வர வேண்டுமானால், நாளைக்குச் சுமார் 70 லிட்டர் பிளாஸ்மா நீர் வடிகட்டப்பட்டு, அதில் ஏறத்தாழ எல்லாமே திரும்ப உறிஞ்சப்பட வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். அது நடக்கக்கூடியதே அல்ல என்று அவருக்குப் பட்டது. ஆகவே யூரியா சுரக்கப்படுகிறது என்ற முடிவுக்கு வந்தார். கணக்குப் போட்ட முறை சரி. விடையை நம்பத்தான் அவருக்கு மனம் வரவில்லை. உண்மையில் உடல் அதைவிட இரண்டரை மடங்கு வடிகட்டுகிறது.

வழக்கைத் தீர்த்தது ஒரு தவளை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வேர்னும் ஆல்ஃபிரட் நியூட்டன் ரிச்சர்ட்ஸும் முடியைவிட மெல்லிய நுனி கொண்ட குழாயை, நுண்ணோக்கியில் பார்த்தபடி தவளைச் சிறுநீரகத்தின் பௌமானின் கிண்ணத்துக்குள் செலுத்தினார்கள். கிடைத்த துளியில் புரதம் இல்லை, சர்க்கரை இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையிலிருந்த சிறுநீரிலோ சர்க்கரை இல்லை. 1924இல் வெளியான அந்த ஆய்வு, வடிகட்டல் ஓரிடத்திலும் உறிஞ்சல் வேறிடத்திலும் நடப்பதை நேரடியாகக் காட்டிவிட்டது. நம் தேர்வுத்தாளின் அட்டவணை அந்தத் துளிகளின் வாரிசு.

நெஃப்ரானின் முதல் பகுதியான அண்மைச் சுருள் நுண்குழலில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. அதன் முடிவில் துளி எடுத்துச் சோதித்தால், சோடியத்தின் செறிவு பிளாஸ்மாவில் இருந்த அதே அளவில்தான் இருக்கும். "மாற்றமில்லை, ஆகவே சோடியம் உறிஞ்சப்படவில்லை" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். அதற்குள் மூன்றில் இரண்டு பங்கு சோடியம் ரத்தத்துக்குத் திரும்பியிருக்கும். தண்ணீரும் அதே விகிதத்தில் கூடவே போய்விடுவதால்தான் செறிவு அசையவில்லை.

தண்ணீர் எவ்வளவு போனது என்று எப்படித் தெரியும்? அதற்கு இனுலின் என்ற மாவுப்பொருள் உதவுகிறது. இன்சுலினோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது சில கிழங்குகளில் கிடைப்பது. ரத்தத்தில் செலுத்தினால் தடையின்றி வடிகட்டப்படும். குழல் அதை உறிஞ்சவும் செய்யாது, சுரக்கவும் செய்யாது. அண்மைச் சுருள் நுண்குழலின் முடிவில் இனுலினின் செறிவு மூன்று மடங்கானால், திரவம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது என்று பொருள். எந்தப் பொருளையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இனுலினைவிடக் குறைவாக ஏறியிருந்தால் மொத்தத்தில் உறிஞ்சப்பட்டது. கூடுதலாக ஏறியிருந்தால் சுரக்கப்பட்டது. ஹென்லே வளைவில் உப்பும் நீரும் தனித்தனியே பிரிந்து போகும் இடங்களிலும் இந்த அளவுகோல் பிசகாது.

குளுக்கோஸ் வரிக்குத் திரும்பலாம். அங்கே சிறுநீரில் பூஜ்யம் வருவதற்கு ஓர் எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை 100 மில்லி லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால், நிமிடத்துக்கு 125 மில்லிகிராம் வடிகட்டப்படும். குழல்கள் அதிகபட்சமாக நிமிடத்துக்குச் சுமார் 375 மில்லிகிராம் உறிஞ்ச வல்லவை என்பதால் எதுவும் மிஞ்சாது. நீரிழிவில் சர்க்கரை 400ஐத் தொட்டால் 500 மில்லிகிராம் உள்ளே வருகிறது. 375 போக, நிமிடத்துக்கு 125 மில்லிகிராம் சிறுநீரில் போகிறது. போகும் சர்க்கரை தண்ணீரையும் தன்னோடு இழுத்துச் செல்வதால்தான் நோயாளிக்கு அடிக்கடி சிறுநீர், ஓயாத தாகம்.

இந்தக் கணக்குப்படி சர்க்கரை 300ஐத் தாண்டிய பிறகே சிறுநீரில் தென்பட வேண்டும். நடைமுறையில் 180 முதல் 200க்குள்ளேயே தென்படத் தொடங்கிவிடுகிறது. லட்சக்கணக்கான நெஃப்ரான்களும் ஒரே அளவு திறன் கொண்டவை அல்ல என்பது இதற்கு முக்கியக் காரணம். பலவீனமானவை முதலிலேயே கைவிரித்துவிடும். 375 என்பது எல்லாமே முழு மூச்சில் உழைக்கும்போது கிடைக்கும் கூட்டுத்தொகை. கேள்வியில் "எந்த அளவில் சிறுநீரில் குளுக்கோஸ் தோன்றும்" என்று இருந்தால் விடை 180. "அதிகபட்ச உறிஞ்சல் திறன் எவ்வளவு" என்று இருந்தால் 375.

குளுக்கோஸை உறிஞ்சும் வேலையில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைச் செய்வது, அண்மைச் சுருள் நுண்குழலின் தொடக்கப் பகுதியிலுள்ள எஸ்ஜிஎல்டி2 என்ற கடத்திப் புரதம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகள் அதைத்தான் தடுக்கின்றன. அவற்றைச் சாப்பிடுகிறவரின் ரத்தச் சர்க்கரை சரியான அளவில் இருந்தாலும் சிறுநீர்ச் சோதனையில் சர்க்கரை காட்டும். வீட்டில் அப்படி ஒரு முடிவு வந்தால் பதற வேண்டாம். மாத்திரையின் பெயரைப் பாருங்கள், ரத்தச் சோதனையின் அளவை வைத்து மருத்துவரிடம் கேளுங்கள்.